டிப்ளோமா இருக்கு, என்.வி.கியூ இல்லை: இஸ்ரேல் கெயார்கிவர் வேலைக்கு இனி என்ன செய்யலாம்?

சுகந்தி, பண்டாரவளை

எல்லாருக்கும் வணக்கம். ஓ/எல் முடித்து, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு மாத கெயார்கிவர் கோர்ஸ் படித்தேன். ‘முதியோர் பராமரிப்பில் சர்வதேச டிப்ளோமா’ என்று சான்றிதழ் தந்தார்கள். அடியில் அரசின் தொழிற்கல்வி ஆணைக்குழுவான டிவெக்கின் பதிவு என்று P-யில் தொடங்கும் ஒரு இலக்கமும் இருக்கு. பிறகு தெஹிவளைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை செய்தேன்.

இஸ்ரேலுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் சான்றிதழைத் திருப்பித் தந்து, “இது என்.வி.கியூ இல்லை, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்தான் வேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். நிறுவனத்தைக் கேட்டால், “டிவெக் பதிவு இருக்குத்தானே, அது போதும்” என்கிறார்கள். யார் சொல்வது சரி? கோர்ஸை மறுபடி முதலில் இருந்து படிக்க வேண்டுமா? அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டினோம்.

நிஷாந்தன்

டிவெக் பதிவு இருந்தால் பயப்படத் தேவையில்லை தங்கச்சி. வெளிநாட்டு அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் கொடுத்து சீல் அடித்து எடுங்கள், எல்லா நாட்டிலும் செல்லும். நான் கட்டாருக்குப் போனபோது அப்படித்தான் செய்தேன்.

ரமணி அக்கா, வத்தளை

நிஷாந்தன் தம்பி, சீல் விஷயம் பாதிதான் சரி. கொன்சியுலர் பிரிவு பார்ப்பது, சான்றிதழில் இருக்கும் கையொப்பமும் முத்திரையும் உண்மையா என்பதை மட்டும். அந்தப் படிப்புக்கு என்ன தரம் என்பதை அவர்கள் சொல்வதில்லை. என்.வி.கியூ கேட்கும் இடத்தில் சீல் அடித்த டிப்ளோமாவும் டிப்ளோமாதான்.

சுகந்தி, நான் பல வருஷமாக முதியோர் இல்லம் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளை என்.வி.கியூ மதிப்பீட்டுக்கு அனுப்புவதும் நான்தான். உங்களுக்கு நடந்தது நிறையப் பேருக்கு நடக்கிறது. டிவெக்கில் இரண்டு விஷயம் தனித்தனியாக இருக்கு. ஒன்று, நிறுவனத்தைப் பதிவு செய்வது. அந்த P இலக்கம் அதுதான். மற்றது, அங்கே நடக்கும் ஒவ்வொரு பாடநெறிக்கும் என்.வி.கியூ தர அங்கீகாரம் கொடுப்பது. நிறுவனம் பதிவாகியிருக்கும், அங்கே ஒரு கணினிக் கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கும், கெயார்கிவர் கோர்ஸுக்கு இருக்காது. கெயார்கிவர் என்.வி.கியூ லெவல் 3 சான்றிதழ் என்றால் அதில் டிவெக்கின் பெயரே இருக்கும், அதற்கென்று தனி இலக்கமும் இருக்கும். நிறுவனம் தன் பெயரில் அச்சடித்துத் தருவது அது இல்லை.

tvec.gov.lk-க்குப் போய் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். கெயார்கிவர் அங்கீகாரம் பெற்ற பாடநெறியாக இருக்கா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பிரதீப்

ஏன் இஸ்ரேல்? ஜப்பானுக்குப் போங்க. என் மனைவி கைகோ என்கிற முதியோர் பராமரிப்பு வேலைக்குத்தான் போயிருக்கிறா. அங்கே என்.வி.கியூவை யாரும் கேட்கவில்லை.

ரமணி அக்கா, வத்தளை

பிரதீப், உங்கள் மனைவி போன வழிக்கு அது சரிதான். ஜப்பானின் குறிப்பிட்ட திறன் விசாவில் அவர்கள் நம்புவது தங்கள் பரீட்சைகளைத்தான். ஜப்பானிய மொழிக்கு ஜே.எஃப்.டி பேசிக் அல்லது என்4, அதோடு பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்பு ஜப்பானிய மொழிப் பரீட்சை, இவ்வளவும் பாஸ் பண்ண வேண்டும். சுகந்தி ஜப்பானிய மொழியை முதலில் இருந்து படிக்கத் தயாரா என்பது வேறு கேள்வி. அவர் கேட்டது இஸ்ரேலைப் பற்றி.

சுகந்தி, பண்டாரவளை

அக்கா, பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இருக்கு. ஆனால் அங்கீகாரம் ஆங்கிலத்துக்கும் கணினிக்கும்தான். கெயார்கிவர் இல்லவே இல்லை. அழுகையாக வருது. சேர்ந்தபோது என்.வி.கியூ என்று வாயால்தான் சொன்னார்கள்.

ரமணி அக்கா, வத்தளை

ரசீதையும் விளம்பரத் துண்டையும் பத்திரமாக வையுங்கள். காசைத் திருப்பிக் கேட்பதை நாங்கள் பிறகு பேசலாம். இப்போது உங்கள் கையில் ஒரு பலம் இருக்கு. அது முதியோர் இல்லத்தில் செய்த வேலை. ஆர்.பி.எல் என்று ஒரு வழி உண்டு. ஏற்கனவே வேலை தெரிந்தவரை மறுபடி வகுப்பில் உட்காரவைக்காமல், வேலையைப் பார்த்தே மதிப்பிட்டு என்.வி.கியூ கொடுப்பார்கள். அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

முதலில் ஒரு கோப்பு தயார் செய்ய வேண்டும். சேவைக் கடிதம், வேலை செய்யும்போது எடுத்த படங்கள், டிப்ளோமாவும் வைக்கலாம், அது துணைச் சான்றாக உதவும். படங்களில் முதியவர்களின் முகத்தைக் காட்டாதீர்கள். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். போன தடவை எங்கள் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்த வேலை, இடது பக்கம் வாதம் வந்தவரைக் கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது. அவள் தினமும் செய்கிற வேலைதான். பதற்றத்தில் நாற்காலியை இடது பக்கம் வைத்துவிட்டாள். பலமுள்ள வலது பக்கம் சாய்வாக வைத்து, பிரேக்கைப் பூட்டி, கால்தட்டைத் தூக்கிவிட்டு, அவர் காலைத் தரையில் ஊன்றிய பிறகுதான் எழுப்ப வேண்டும். செய்யும்போதே, “ஐயா, இப்ப எழும்பப் போறோம்” என்று அவரிடம் சொல்லவும் வேண்டும். இதே கேள்வியை வேலைக்கு எடுப்பவர்களும் நேர்முகத்தில் கேட்கிறார்கள், ஆங்கிலத்தில். அதனால் ஆங்கிலத்தில் சொல்லியும் பழகுங்கள்.

ஃபாத்திமா, மட்டக்களப்பு

சகோதரி, நான் பட்டதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். என்.வி.கியூ இருந்தும் எனக்கு இழுபட்டது பெயரில்தான். பாஸ்போட்டில் வாப்பாவின் பெயர் முழுதாக இருக்கு, என்.வி.கியூவில் வெறும் முதலெழுத்து. ஆங்கில எழுத்துக் கூட்டலும் வேறு. சான்றிதழ் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தபோது வந்த பெயரும் பாஸ்போட்டும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். திருத்தி எடுக்கும் வரை அந்தச் சுற்று போய்விட்டது. விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் எழுதுவதுதான் சான்றிதழில் வரும். பாஸ்போட்டை முன்னால் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள்.

நிஷாந்தன்

ரமணி அக்கா சொன்னதைப் படித்த பிறகுதான் விளங்கியது. சுகந்தி, உங்களை விண்ணப்பிக்கச் சொன்னது ஏஜென்சியா, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமா? எனக்குத் தெரிந்த ஒருவரிடம் லெவல் 3-ஐ இரண்டு வாரத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்லிக் காசு கேட்டார்கள்.

ரமணி அக்கா, வத்தளை

இரண்டு வாரத்தில் கையில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். போலி இலக்கத்தை டிவெக் தளத்தில் போட்டால் ஒன்றும் வராது. அது பிடிபட்டால் அந்த விண்ணப்பம் மட்டுமல்ல, உங்கள் பெயரும் கெட்டுவிடும். ஏஜென்சி என்றால் அதன் உரிமம் செல்லுபடியா, அந்த நாட்டுக்கும் அந்த வேலைக்கும் பணியகத்தின் அனுமதி இருக்கா என்று அவர்களின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். slbfe.lk-யிலும் பார்க்கலாம்.

சுகந்தி, பண்டாரவளை

ஏஜென்சிதான் அண்ணா, நாளைக்கே 1989-க்கு எடுக்கிறேன். ரமணி அக்கா, முதியோர் இல்லத்தில் கடிதம் தந்தார்கள். ஆனால் ‘உதவியாளராக வேலை செய்தார்’ என்று ஒரே வரி. சம்பளமும் கையில்தான் தந்தார்கள், ஈ.பி.எஃப் இல்லை. இதை ஏற்பார்களா?

ரமணி அக்கா, வத்தளை

ஒரு வரிக் கடிதம் பலவீனம். எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை, எத்தனை முதியவர்களைப் பார்த்தீர்கள், குளிப்பாட்டல், உணவூட்டல், புரட்டிப் படுக்கவைத்தல், பிரஷர் பார்த்தல் என்று செய்த வேலைகளை எழுதி, பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கத்தோடு கேளுங்கள். அந்த இலக்கத்துக்கு உண்மையிலேயே அழைப்பார்கள். ஈ.பி.எஃப் இல்லாதது நைட்டாவில் பெரிய தடையாக இருந்ததை நான் பார்க்கவில்லை. ஏஜென்சிக்காரர் எப்படி எடுப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏஜென்சியில் வேலை செய்த வேறு யாராவது அனுபவத்தை எழுதினால் நல்லது.