முள் மீட்டர் ரீடிங்: நாளைக்குள் அனுப்பணும், எந்த எண்ணை எழுதுவது?

புதுக்குடித்தனம்: வணக்கம். குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. மீட்டர் ரீடிங்கை நாளைக்குள் அனுப்பச் சொல்லி மின்சார நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இங்கே இருப்பது எண் ஓடும் மீட்டர் இல்லை, கடிகாரம் மாதிரி வரிசையாக வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முள் எந்த எண்ணுக்குக் கிட்டே இருக்கிறதோ அதை எழுதினேன், நடுவில் நின்றால் பெரிய எண்ணை எடுத்தேன். 39,967 வருகிறது. இதை அப்படியே அனுப்பினால் எங்கள் கதை முடிந்தது. இரண்டு பேர் வீட்டில் இவ்வளவு எப்படி ஓடும்? யாராவது உடனே சொல்லுங்கள்.

குளிர்தாங்கி: தம்பி, ஹீட்டர்தான் காரணம். நான் வந்த புதிதில் ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பில்லைப் பார்த்ததும் அடுத்த மாதமெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சுடவைக்கும் தொட்டியை முதலில் அணையுங்கள். ஜன்னல் இடுக்கில் துணி வையுங்கள்.

புதுக்குடித்தனம்: அண்ணே, எப்படிக் குறைப்பது என்று கேட்கவில்லை. எண்ணை எப்படிப் படிப்பது?

மாடிவீட்டு அக்கா: கிட்டே இருக்கும் எண்ணை எழுதக் கூடாதுப்பா. முள் இரண்டு எண்ணுக்கு நடுவில் இருந்தால், தாண்டி வந்த சின்ன எண்தான் கணக்கு. 9க்கும் 0க்கும் நடுவில் என்றால் மட்டும் 9, ஏனென்றால் அங்கே 0 என்பது பத்து. அப்புறம், இடது ஓரத்து வட்டம் எப்போதும் கடிகாரச் சுற்று, அடுத்தது எதிர்ச்சுற்று, அதற்கடுத்தது மறுபடி கடிகாரச் சுற்று. அதை மனதில் வைத்துப் படி.

வயர்மேன் மகன்: அக்கா சொன்ன முதல் பாதி சரி. "எப்போதும்" என்பது மட்டும் வேண்டாம். நான் பார்த்த ஐந்து வட்ட மீட்டரில் இடது ஓரம் கடிகாரச் சுற்று, நாலு வட்டத்தில் அதுவே எதிர்ச்சுற்று. மனப்பாடம் செய்யாமல் வட்டத்தில் அச்சிட்ட எண்களைப் பாருங்கள். 0க்கு வலப்பக்கம் 1 இருந்தால் முள் கடிகாரம் போலச் சுற்றும். வலப்பக்கம் 9 இருந்தால் எதிராகச் சுற்றும். உள்ளே ஒரு பல்சக்கரம் அடுத்ததைத் தள்ளுகிறது, கோர்த்துக்கொண்ட இரண்டு சக்கரம் ஒரே பக்கம் சுற்ற முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

தம்பி, நீங்கள் சொல்லாமல் விட்டது நிறைய. எத்தனை வட்டம்? சிவப்பாகச் சின்ன வட்டம் தனியாக இருக்கிறதா? குடிவந்த அன்று எழுதிய ரீடிங் என்ன? மீட்டர் முகத்தில் ×10 என்று எங்காவது இருக்கிறதா?

பெட்டிகட்டியவள்: எதற்கு இவ்வளவு தலைவலி? போட்டோவையே அனுப்பிவிடுங்கள், அவர்களே படித்துக்கொள்வார்கள்.

குளிர்தாங்கி: படிப்பார்களாம்! என் விஷயத்தில் அவர்களாகவே ஒரு எண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டு பில் அனுப்பினார்கள். போன் பண்ணினால் பாட்டுத்தான் கேட்கும். ஆள் எடுத்தால் வேறு பிரிவுக்கு மாற்றுவான், அங்கே மறுபடி அதே பாட்டு.

பெட்டிகட்டியவள்: அதென்னவோ உண்மை. இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம், ஒரு கடைசித் தேதி. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் கதவே திறப்பதில்லை.

மாடிவீட்டு அக்கா: புலம்பலுக்கு வேறு இழை இருக்கிறது. பாவம், அந்தப் பிள்ளைக்கு நாளைக்குள் வேண்டும்.

புதுக்குடித்தனம்: ஐந்து வட்டம், சிவப்பு இல்லை. வீட்டுக்காரர் சாவி கொடுத்தபோது எழுதித் தந்தது 28,412. ×10 இருக்கிறதா என்று போட்டோவில் தெரியவில்லை, கண்ணாடியில் ஃபிளாஷ் வெளிச்சம் அடித்திருக்கிறது.

இடமிருந்து முட்கள் இப்படி: முதலாவது 2க்கும் 3க்கும் நடுவே, 3ஐ ஒட்டி. இரண்டாவது சரியாக 9 மேலேயே. மூன்றாவது 9க்கும் 0க்கும் பாதியில். நான்காவது 5க்கும் 6க்கும் நடுவே, 6 பக்கம் கொஞ்சம் சாய்வு. ஐந்தாவது 7 மேல்.

அக்கா சொன்னபடி படித்தால் 29,957. அதிலிருந்து பழையதைக் கழித்தால் 1,545. என் முதல் எண்ணில் கழித்தால் வரும் பதினோராயிரத்துக்கு இது பரவாயில்லை, ஆனாலும் எங்களுக்கு அதிகம்தான்.

வயர்மேன் மகன்: நெருங்கிவிட்டீர்கள். இன்னும் ஓர் ஆயிரம் கூடுதலாக இருக்கிறது. அந்த இரண்டாவது வட்டம்தான் ஏமாற்றுகிறது.

ஒரு முள் எண்ணின் மேலேயே நிற்பதுபோல் தெரிந்தால் அதற்கு வலப்பக்கத்து வட்டத்தைக் கேட்க வேண்டும். வலப்பக்கத்து முள் ஒரு முழுச் சுற்று முடித்து 0ஐத் தாண்டினால்தான் இடப்பக்கத்து முள் அடுத்த எண்ணைத் தொட்டதாக அர்த்தம். உங்கள் மூன்றாவது முள் 9க்கும் 0க்கும் பாதியில் நிற்கிறது, சுற்று இன்னும் முடியவில்லை. ஆகவே இரண்டாவது முள் 9ஐத் தொட இம்மி பாக்கி. அங்கே 8 எழுதுங்கள்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். அது உண்மையிலேயே 9ஐத் தொட்டிருந்தால் மூன்றாவது முள் 0க்குப் பக்கத்தில் நின்றிருக்கும். மூன்றாவது ஒன்பதரையில் இருக்கும்போது இரண்டாவது முள், எந்த எண்ணைத் தாண்டியிருந்தாலும் சரி, அந்த இடைவெளியில் கிட்டத்தட்ட முழுத் தூரமும் போயிருக்க வேண்டும். 8லிருந்து கிளம்பி 9ஐ முட்டப்போகும் நிலை அதுதான். முதல் முள் 3ஐ ஒட்டி நிற்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

ரீடிங் 28,957. கழித்தால் 545 யூனிட்.

புதுக்குடித்தனம்: அண்ணே, உயிர் வந்தது. ஆனால் வீட்டுக்காரர் எழுதிய 28,412 சரியா? அவரும் இப்படித் தப்பாகப் படித்திருந்தால்?

வயர்மேன் மகன்: அந்த எண்ணில் நூறு வட்டத்து முள் நாலைத் தாண்டி நின்றிருக்கும். அப்படியென்றால் ஆயிரத்து முள் 8க்கும் 9க்கும் ஏறக்குறைய நடுவில். அங்கே யாரும் குழம்ப மாட்டார்கள். அவர் எழுதியதற்குப் போட்டோ இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள்.

உங்கள் போட்டோவையும் திரும்ப எடுங்கள். முள் வட்டத்தின் முகத்திலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கும். கீழேயிருந்தோ பக்கவாட்டிலோ எடுத்தால் அது பக்கத்து எண்ணுக்கு நகர்ந்ததுபோலத் தெரியும். லென்ஸ் முள்ளுக்கு நேராக இருக்கட்டும், ஃபிளாஷை அணைத்துப் பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். முன்பக்கக் கேமரா வேண்டாம், சில போன்கள் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடும், அப்புறம் இடம் வலமே மாறிப்போகும்.

மாடிவீட்டு அக்கா: எங்கள் பழைய மீட்டரில் ஒரு முள் கொஞ்சம் நழுவியே நிற்கும். அங்கே இந்தக் கணக்கு ஒத்துவரவில்லையே.

வயர்மேன் மகன்: அப்படியும் இருக்கும் அக்கா. அதனால்தான் வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்கிறேன். வலப்பக்கம் உறுதியானால் நழுவிய முள்ளை அதை வைத்தே தீர்மானிக்கலாம். ரொம்பவும் முரண்பட்டால் போட்டோவோடு புகார்தான்.

குளிர்தாங்கி: ×10 என்றாரே, அது?

வயர்மேன் மகன்: அது இருந்தால் 545 அல்ல, 5,450. மீட்டரின் முகத்தில் அச்சில் இருக்கும், டார்ச்சில் தெரியும். தெரியாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 2,000 வாட் ஹீட்டர் ஒன்றை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கடைசி முள் இரண்டு எண் நகர்ந்தால் பெருக்க வேண்டியதில்லை. ஓர் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் நகர்ந்தால் பெருக்க வேண்டும்.

குளிர்தாங்கி: அந்த ஹீட்டரில் வெப்பத்தை அளந்து நிறுத்தும் பொத்தான் இருந்தால் அது தானே அணைந்து அணைந்து எரியும். அதை முழுசாகத் திருப்பி வையுங்கள்.

வயர்மேன் மகன்: அதுவும் சரி. நல்லா கவனிச்சீங்க.

புதுக்குடித்தனம்: மீட்டர் இருப்பது பொது நடைவழியில், பூட்டிய பெட்டிக்குள். கண்ணாடித் துளை வழியாகத்தான் எடுத்தேன். சாவி வீட்டுக்காரரிடம். இப்போதே போன் போடுகிறேன், எடுக்கவில்லை என்றால் 28,957ஐயும் இந்தப் போட்டோவையும் அனுப்பிவிட்டு ×10 பற்றி அவர்களிடமே எழுதிக் கேட்கிறேன்.