புதுப்பிப்பு: ஷூ, க்ளவுஸ் மாத்தி ஒரு மாசம் ஆச்சு

நான் முன்னாடி கேட்டது: "ஷீட் மெட்டல் ப்ரெஸ் ஷாப், வெயில்ல எஸ்3 சேஃப்டி ஷூவை பசங்க கழட்டி வெச்சிடுறாங்க, என்ன வாங்கலாம்?"

விரல் மேல இரும்புக்குப் பதிலா கம்போசிட் டோ போட்டா சூடு குறையும்னு ஒருத்தர் சொன்னாரே, வாங்கிப் பாத்தோம், வெயிட் குறைஞ்சுது ஆனா வேர்வை அப்படியேதான், ஏன்னா காத்தை அடைக்கிறது மேல்பாகம்தான், டோ இல்ல. பழைய சேஃப்டி ஆபீசர் அண்ணன் சொன்னதுதான் சரி: எஸ்3ல மேல்பாகம் தண்ணி உள்ள விடக்கூடாது, காஞ்ச தரைக்கு அது எதுக்கு? இப்ப மெஷ் வெச்ச எஸ்1பி, அதே 200 ஜூல் அடி தாங்குற டோ, அடியில ஆணி ஏறாத தகடும் உண்டு, யாரும் கழட்டல. கூலண்ட் சிந்துற இடத்துல மட்டும் எஸ்3 தான், அங்க புலம்பல் இன்னும் நிக்கல.

க்ளவுஸ் மேல இருக்கிற EN 388 குறியில நாலு நம்பருக்கு அப்புறம் வர்ற எழுத்தைப் பாருங்க, வெட்டு எவ்வளவு தாங்கும்னு சொல்றது அதுதான். ஏ வெச்சது தகடு ஓரத்துல கிழிஞ்சுது, சி தாங்குது. உள்ளங்கைல மட்டும் நைட்ரைல் கோட்டிங், முதுகுப்பக்கம் துணி, அதனால காத்து வருது.

ட்ரில்லிங்குக்கும் இதே க்ளவுஸான்னு கேட்ட தம்பி, சுத்துற மெஷின்ல எந்த க்ளவுஸும் வேணாம்பா, கையோட இழுத்துடும்.

க்ளவுஸைத் துவைச்சா எத்தன தடவை தாங்கும்னு இன்னும் பாத்துட்டு இருக்கேன்.