வாட்டர்கலர் ஆக்கினால் பொட்டு காணாமல் போகிறது: முன்னாலேயே காப்பாற்றுவதா, பிறகு வரைவதா?

ஹட்டன் ஸ்டூடியோ: அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு தம்பதியின் போட்டோவை வாட்டர்கலர் மாதிரி செய்து கேட்கிறார்கள். Stable Diffusion-இல் img2img, 512×768, Denoising strength 0.55. ஸ்டைல் அழகாகத்தான் வருகிறது. ஆனால் அம்மாவின் பொட்டு மச்சமாகிவிட்டது, இரண்டு பக்க மூக்குத்தியில் ஒன்று போய் மற்றது வளையமாகிவிட்டது. ஐயாவின் திருநீறு நெற்றிச் சுருக்கமாகிவிட்டது, தடித்த கறுப்புக் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய தங்க நிறக் கண்ணாடி. என்ன செய்யலாம்?

மஸ்கெலியா: ப்ராம்ப்டில் எழுதவில்லை போல. `red bindi, nose stud, thick black glasses` போட்டு அடைப்புக்குறிக்குள் 1.3 எடை கொடுங்க அண்ணே, வந்துவிடும்.

தலவாக்கலை: தம்பி, கண்ணாடிக்கு அது ஓரளவு சரி. பொட்டுக்குச் சரிவராது. அந்தச் சொல்லைப் போட்டால் பெரும்பாலும் கல்யாணப் பெண்தான் வருவாள்: நெற்றிச்சுட்டி தொங்கும், மூக்குத்தி நத்தாகும், நூல் சேலைக்கு ஜரிகை ஏறும். குடும்பப் படத்தில் இன்னும் மோசம். ப்ராம்ப்ட் படம் முழுவதுக்கும் பொது என்பதால், பக்கத்தில் முக்காடு போட்டு நிற்கிறவர் நெற்றியிலும் பொட்டு விழலாம். இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை அழிப்பதும் ஒரே பிழைதான்.

காரணம் அளவில் இருக்கிறது. இந்த மாடல் படத்தை நேராகப் பார்ப்பதில்லை, 8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. 512 அகலத்தில் அரை உருவம் இருந்தால் முகத்துக்கு 130 பிக்சல் அளவில்தான் கிடைக்கும். முகம் 14 சென்ரிமீற்றர் என்றால் 1 சென்ரிமீற்றர் பொட்டு 9 பிக்சல், அதாவது ஒரே கட்டம். 4 மில்லிமீற்றர் மூக்குத்திக் கல் அரைக் கட்டம்கூட வராது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று மாடலுக்கே தெரியாதபோது ப்ராம்ப்ட் ஊகத்தைத்தான் கூட்டும்.

அதனால் தலையைத் தனியாகச் செய்யுங்கள். முதலில் முழுப் படத்தையும் 0.55-இல் ஓட்டி, வந்ததை மூல ஸ்கேன் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அதன்மேல் மூலப் படத்தின் தலையை அதே இடத்தில் ஒட்டுங்கள். பிறகு Inpaint-இல் தலையை மட்டும் மறைத்து, Masked content `original`, Inpaint area `Only masked`, அளவு 768×768, Mask blur 8, Denoising strength 0.35. இப்போது முகம் 480 பிக்சல் வரை வரும். பொட்டுக்கு நான்கு கட்டம், மூக்குத்திக்கு ஏறக்குறைய இரண்டு கட்டம் கிடைக்கும். கணவர் தலைக்கும் இதையே தனியாகச் செய்யுங்கள், இருவரையும் ஒரே மாஸ்க்கில் போட்டால் கட்டங்கள் மறுபடி பங்குபோய்விடும். Restore faces அணைத்திருக்கட்டும். அது திருநீற்றை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும்.

பண்டாரவளை தூரிகை: கணக்கு சரிதான். விளைவைப் பார்த்தீர்களா? உடம்பு 0.55, முகம் 0.35 என்றால் வாட்டர்கலர் உடம்பில் போட்டோ முகத்தை வெட்டி ஒட்டினது போல இருக்கும். கழுத்தில் கோடு தெரியும், தாலிச் சரடு அந்த இடத்தில் அறுந்து நிற்கும். அறுபதாம் கல்யாணப் படத்தில் அதைப் பார்த்தால் வாங்க வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

என் வாதம் வேறு. முகத்தையும் 0.5-இலேயே விடுங்கள், நகை போனால் போகட்டும். பிறகு Krita-வில் தனி லேயரில் நீங்களே வரையுங்கள். நிறத்தை மூலப் போட்டோவிலிருந்து எடுங்கள். பொட்டு லேயரை Multiply-இல் வைத்தால் கீழே உள்ள தாளின் சொரசொரப்பு தெரியும், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் போல நிற்கும். திருநீறு தோலைவிட வெளிச்சமானது, Multiply-இல் போட்டால் மறைந்துவிடும். அதற்கு Screen. தாளில் வரைகிறவன் திருநீற்றுக்கு வெள்ளைப் பூசமாட்டான், அந்தக் கோடுகளை விட்டுவிட்டுச் சுற்றித் தோல்நிறம் போடுவான். அதே தோற்றம்தான் வேண்டும்.

மஸ்கெலியா: அப்போ ControlNet எதற்கு? Canny போட்டால் எல்லாக் கோடும் அப்படியே நிற்குமே.

தலவாக்கலை: கோடு நிற்கும், நிறம் நிற்காது. Canny-க்குப் பொட்டு ஒரு வட்டக் கோடு மட்டும்தான். அது சிவப்பா, கறுப்பா, துளையா என்று அதற்குத் தெரியாது, அதனால்தான் மச்சமாகிறது. Depth இன்னும் பயனில்லை, பொட்டுக்கு ஆழமே கிடையாது. கண்ணாடிச் சட்டத்துக்கும் சேலைக் கரைக்கும் lineart நல்லது. எடை 0.6 போதும். 1 வரை ஏற்றினால் முகத்துச் சுருக்கமெல்லாம் மையால் கீறினது போல ஆகிவிடும்.

பதுளை: எனக்கும் இதே பிரச்சினைதான். மரண அறிவித்தலுக்கு மாமாவின் படத்தில் தாடியை எடுக்கச் சொல்கிறார்கள். 0.35-இல் போகவே இல்லை.

பண்டாரவளை தூரிகை: அண்ணே, நீங்கள் கேட்பது நேர் எதிர்! எடுக்க வேண்டுமானால் தாடியை மட்டும் மறைத்து 0.7-க்கு மேல் போங்கள். ஆனால் கீழே உள்ள தாடை உங்கள் மாமாவுடையதாக இருக்காது, மாடல் கற்பனை செய்ததாகத்தான் இருக்கும். தாடியில்லாத பழைய அடையாள அட்டைப் படம் இருந்தால் அதை எடுங்கள். வைத்திருக்க வேண்டியவர்களுக்கு: 0.5 தாண்டினால் மூன்று நாள் வெள்ளைத் தாடி ஒன்றில் மழித்த கன்னமாகும், இல்லையென்றால் சலூனில் வெட்டின முழுத்தாடியாகும்.

ஹட்டன் ஸ்டூடியோ: தலவாக்கலை அண்ணன் சொன்ன வழியில் 0.35 செய்து பார்த்தேன். மூக்குத்தி இரண்டும் வந்தது, கண்ணாடியும் சரி. கழுத்தில் கோடு தெரிவது உண்மை. பொட்டு இருக்கிறது, ஆனால் குங்குமத்துக்குக் கீழே இருந்த சந்தனம் கலந்து ஆரஞ்சாகிவிட்டது.

தலவாக்கலை: மாஸ்க்கைக் கழுத்தில் முடிக்காதீர்கள், தாலிச் சரடு சேலைக்குள் மறைகிற இடம் வரை இறக்குங்கள். கோடு துணி மடிப்பில் ஒளிந்துவிடும். Denoising strength-ஐ 0.42 ஆக்கி lineart 0.6 சேருங்கள். பொட்டுக்குத் தூரிகை சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்கிறேன்: வந்த படத்தின்மேல் சந்தனத்தை ஒரு தட்டையான வட்டமாகவும் அதன்மேல் குங்குமத்தைச் சிறு வட்டமாகவும் கையால் வையுங்கள். நெற்றியை மட்டும் மறைத்து, 0.25-இல் மறுபடி ஓட்டுங்கள். அந்த அளவில் நிறம் மாறாது, விளிம்பில் மட்டும் தண்ணீர் கசிவு வரும். 0.35-க்குப் போனால் இரண்டு நிறமும் மறுபடி கலந்துவிடும்.

பண்டாரவளை தூரிகை: கடைசியில் கையால்தானே வைக்கிறீர்கள். அப்புறம் எதற்கு மறுபடி ஓட்டுவது? ஒவ்வொரு ஓட்டத்திலும் புருவம் கொஞ்சம் நகரும்.

தலவாக்கலை: மாஸ்க் புருவத்தைத் தொடாவிட்டால் நகராது. உங்களைப் போலத் தூரிகை பிடிக்கத் தெரியாத ஸ்டூடியோக்காரருக்கு அந்தக் கசிவைக் கையால் வரையச் சொல்கிறீர்களா?

பண்டாரவளை தூரிகை: கற்றுக்கொள்ளட்டும். சரி, ஒன்றில் நமக்குள் சண்டையில்லை: அனுப்புமுன் மூலப் படத்தை மேல் லேயரில் வைத்து அணைத்து அணைத்துப் பார்க்க வேண்டும். தோடு, மூக்குத்தி, சரடு, வளையல், கண்ணாடி, முந்தானை விழும் தோள் என்று ஒவ்வொன்றாக. முந்தானை வலது தோளில் கிடந்தால் மாடலைத் திட்டாதீர்கள், போன் செல்ஃபி மூலத்திலேயே திரும்பியிருக்கலாம். வேலை தொடங்குமுன் வீட்டாரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

ஹட்டன் ஸ்டூடியோ: இன்னொன்று. அம்மாவின் சேலை சாதாரணக் கட்டுத்தான். ப்ராம்ப்டில் `Sri Lankan` போட்டதும் இடுப்பில் கொசுவ மடிப்பு விரிந்து ஒசரி மாதிரி ஆகிறது.

தலவாக்கலை: அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். நாட்டுப் பெயர், சாதி, மதம் எதுவும் ப்ராம்ப்டில் வேண்டாம். `watercolor portrait, cotton sari` மட்டும் வையுங்கள். மற்றதைப் படமே சொல்லட்டும். உடம்புப் பகுதிக்கும் lineart சேர்த்தால் மடிப்பு நிற்கும்.

மஸ்கெலியா: ஜாக்கெட்டில் பூ வேலை இருந்தால்?

பண்டாரவளை தூரிகை: அதற்கு 0.42-ஆலும் முடியாது. பூவை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரும். பூவைப் புள்ளிகளாகக் குறைத்து வரைந்துவிட்டு, வீட்டாரிடம் அப்படித்தான் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. தலவாக்கலைக்காரர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

தலவாக்கலை: ஒத்துக்கொள்ளவில்லைதான். ஜாக்கெட் கையை மட்டும் 768-க்கு வெட்டி ஓட்டிப் பாருங்கள், பிறகு கதைப்போம்.