சரத்திலிருந்து முழு எண்: ‘ஓவர்ஃப்ளோ’வுக்கு வழிதலா, வீச்சுமீறலா?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

சரத்தை முழு எண்ணாக மாற்றும் செயற்கூறு ஒன்றை சி மொழியில் கையால் எழுதி, அதற்குத் தமிழில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்னால் கிடக்கும் இடைவெளிகளைத் தாண்ட வேண்டும், + அல்லது - இருந்தால் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு ஒவ்வொரு இலக்கமாக எடுத்து, இருப்பதைப் பத்தால் பெருக்கி அதைக் கூட்ட வேண்டும். வேறு எழுத்து வந்தால் பிழை. இதுவரை சொல்லுக்குப் பஞ்சமில்லை.

எண் 32 பிட்டில் அடங்காவிட்டால் வரும் பிழைக்குத்தான் பெயர் வேண்டும். ‘வழிதல்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தோழி, “எது வழிகிறது? எங்கே போய் விழுகிறது?” என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்ல வரவில்லை. உங்கள் பரிந்துரை என்ன?

இளமாறன் எழுதியது:

வழிதல் புழக்கத்தில் உள்ள சொல். அதை மாற்றக் கூடாது என்பதே என் கருத்து. மேல் எல்லையைத் தாண்டினால் மிகைவழிவு, கீழ் எல்லையைத் தாண்டினால் தாழ்வழிவு என்று இணையாக வைத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடிப்பதும் சுலபம். கூட்டிய பிறகு மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தால் வழிந்துவிட்டது என்று பொருள்.

```c
n = v * 10 + d;
if (n < v) return OVERFLOW;
```

நூர்ஜஹான் எழுதியது:

> மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தால் வழிந்துவிட்டது

இளமாறன், இந்தச் சோதனையிடம் 6000000000 என்ற சரத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கம் படித்து முடிக்கும்போது கையில் 600000000 இருக்கும். கடைசி சுழியத்துக்காகப் பத்தால் பெருக்கினால் 32 பிட்டுக்கு மேற்பட்டது வெட்டுப்பட்டு 1705032704 மிஞ்சும். அது நேர்ம எண், முந்தையதைவிடப் பெரியது. உங்கள் `if` அதை வாழ்த்தி அனுப்பிவிடும். கூட்டலுக்கு மட்டும் பொருந்தும் சோதனையைப் பெருக்கலுக்குக் கொண்டுவந்ததால் வரும் வினை இது.

அதுவும் மதிப்பு சுற்றி வரும் என்று வைத்துக்கொண்டால்தான். சி மொழியில் குறியுள்ள முழு எண் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று மொழியின் தரம் எந்த உறுதியும் தருவதில்லை. கூட்டலுக்கு இதே மாதிரி எழுதும் `if (a + 1 < a)` என்ற வரியை, “இது ஒருபோதும் உண்மையாகாது” என்று கருதி கம்பைலர் நீக்கிவிடலாம், நீக்கியும் இருக்கிறது. ஆக, தாண்டிய பிறகு பார்ப்பது பயனில்லை. பெருக்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

தாழ்வழிவும் சரியல்ல. அந்தப் பெயர் புள்ளி எண்களுக்கு உரியது. மதிப்பு சுழியத்துக்கு மிக நெருங்கி, குறிக்க முடியாத அளவு சிறுத்துப்போவதை அது சொல்கிறது. -3000000000 சிறுத்துப்போகவில்லை, எதிர்த்திசையில் பெருத்திருக்கிறது. ரஸ்ட் மொழி இரண்டையும் `PosOverflow`, `NegOverflow` என்று ஒரே குடும்பமாகத்தான் பிரிக்கிறது.

கயல்விழியின் தோழி கேட்டது நல்ல கேள்வி. சரியாக எழுதிய செயற்கூற்றில் எதுவும் வழிவதே இல்லை! கணக்கு எல்லையைத் தாண்டும் முன்பே நின்றுவிடுகிறோம். பிழை கணக்கில் இல்லை, உள்ளீட்டில் இருக்கிறது. சி நூலகத்தின் `strtol` இதை `ERANGE` என்று சொல்வதும் அதனால்தான். எனவே கணக்கு தாண்டிப்போனால் வழிதல், உள்ளீட்டு மதிப்பு அடங்காவிட்டால் வீச்சுமீறல் என்று பிரிக்கலாம்.

தங்கராசு எழுதியது:

இதே வீச்சுமீறல் எனக்கும் வந்தது. விரிதாளிலிருந்து நகலெடுத்து ஒட்டிய எண்கள், எல்லாம் ஆறு இலக்கம்தான். ஆனாலும் சில வரிகளில் மட்டும் “எண் செல்லாது” என்று வருகிறது. 32-ஐ 64 பிட்டாக்கியும் தீரவில்லை. 128 பிட் ஏதும் உண்டா?

நூர்ஜஹான் எழுதியது:

தங்கராசு அண்ணா, ஆறு இலக்கம் 32 பிட்டிலேயே தாராளமாக அடங்கும். உங்களுடையது வேறு பிழை. அந்த வரியின் பைட்டுகளை `xxd`-யில் பாருங்கள். தொடக்கத்தில் `c2 a0` இருந்தால் அது உடையா இடைவெளி. கண்ணுக்கு இடைவெளிதான், ஆனால் பைட் பைட்டாகப் பார்க்கும் `isspace` வழக்கமான சி லொகேலில் அதை இடைவெளியாக எடுத்துக்கொள்ளாது. (`isspace`-க்குக் கொடுக்கும்போது `unsigned char` ஆக மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் `c2` எதிர்ம எண்ணாகப் போய் வேறு வம்பு.)

எல்லாவற்றுக்கும் “எண் செல்லாது” என்று ஒரே செய்தி வந்ததால்தான் பிட் கூட்டப் போனீர்கள். பெயர்களைப் பிரிக்கச் சொல்வது இதற்காகவே.

தங்கராசு எழுதியது:

`c2 a0` இருக்கிறது! நன்றிம்மா. போகிற போக்கில் இன்னொன்றும் சோதித்தேன்: பைத்தானில் `int("௪௨")` கொடுத்தால் 42 வருகிறது, `int("௰")` மட்டும் பிழை.

கயல்விழி எழுதியது:

௰ என்பது பத்து என்னும் எண்ணுக்கான குறி, இட மதிப்புள்ள இலக்கம் அல்ல. அதனால் மறுப்பது நியாயம்தான். என் செயற்கூறு 0 முதல் 9 வரை மட்டுமே ஏற்கும்.

நூர்ஜஹான் சொன்னபடி முன்சோதனைக்கு மாற்றினேன். உடனே -2147483648 இடறியது. நேர்ம எண்ணாகச் சேர்த்துவிட்டுக் கடைசியில் குறியை மாற்றினால், 2147483648 நடுவில் அடங்காது, ஏனெனில் மேல் எல்லை 2147483647. செல்லும் எண்ணையே வீச்சுமீறல் என்று தள்ளிவிடுகிறது. அதனால் ஜாவாவின் `Integer.parseInt` செய்வதுபோல் எதிர்மப் பக்கமாகவே சேர்க்கிறேன்:

```c
int v = 0;
while (*s >= '0' && *s <= '9') {
    int d = *s++ - '0';
    if (v < (INT_MIN + d) / 10) return RANGE;
    v = v * 10 - d;
}
if (!neg && v == INT_MIN) return RANGE;
```

கடைசி இலக்கத்தில் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது `v` -214748364. இலக்கம் 8 என்றால் -2147483640-ஐப் பத்தால் வகுக்க -214748364, `v` அதைவிடக் குறைவில்லை, உள்ளே விடுகிறது. இலக்கம் 9 என்றால் வகுத்து வருவது -214748363, `v` அதைவிடக் குறைவு, நிறுத்திவிடுகிறது. வகுத்தல் சுழியத்தை நோக்கி வெட்டப்படுவதை நம்பித்தான் இது ஓடுகிறது. சி99 அதை உறுதி செய்கிறது. இதற்குப் பின் `neg` இல்லாவிட்டால் `v = -v`. ஓர் இலக்கம்கூட வராமல் வெறும் “-” மட்டும் இருந்தால் செல்லா உள்ளீடு.

இளமாறன் எழுதியது:

6000000000-ஐ ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான். சோதனையை விட்டுக்கொடுக்கிறேன், சொல்லை அல்ல. இயற்பியலில் அலையின் உயரத்துக்கும் புள்ளியியலில் ரேஞ்சுக்கும் ஏற்கெனவே ‘வீச்சு’ இருக்கிறது. எல்லைமீறல் என்றால் அணியின் எல்லைக்கு வெளியே படிப்பதோடு குழம்பும் என்பீர்கள். ‘அடங்கா எண்’ என்று எளிதாகச் சொன்னால் என்ன? பிழைச் செய்தியைப் படிக்கிற யாருக்கும் அது புரியும்.

நூர்ஜஹான் எழுதியது:

பிழைச் செய்திக்கு ‘அடங்கா எண்’ எனக்கும் பிடித்திருக்கிறது. பிழை வகையின் பெயராக வீச்சுமீறலே இருக்கட்டும் என்பேன். புள்ளியியல் வீச்சும் சிறுமத்துக்கும் பெருமத்துக்கும் இடைப்பட்டதுதானே, பொருள் முரணில்லை.

கயல்விழி, உங்கள் நிரலில் ஒன்று பாக்கி. `99999999999x` வந்தால் வீச்சுமீறலா, செல்லா உள்ளீடா? நீங்கள் பத்தாவது இலக்கத்திலேயே திரும்பிவிடுகிறீர்கள், x-ஐப் பார்ப்பதே இல்லை. `long` 32 பிட்டாக இருக்கும் கணினியில் `strtol` எல்லா இலக்கங்களையும் கடந்துபோய், `ERANGE`-ஐயும் வைத்து, x நிற்கும் இடத்தையும் காட்டும்.

கயல்விழி எழுதியது:

நான் செல்லா உள்ளீடு என்றே சொல்ல நினைக்கிறேன். எண்ணே இல்லாத ஒன்றை அடங்காத எண் என்று எப்படிச் சொல்வது? அப்படியானால் மீறிய பிறகும் மீதி இலக்கங்களைப் பெருக்காமல் கடந்துபோக வேண்டும். இளமாறன் மறுப்பார் என்று தெரியும்.

இளமாறன் எழுதியது:

மறுக்கிறேன். முதலில் கண்ட பிழையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு கோடி இலக்கம் கொண்ட சரத்தை எவனாவது அனுப்பினால் கடைசிவரை நடந்துகொண்டிருப்பீர்களா?