கலைச்சொல்: வெப் ஈல்டிங், வெப் கிரிப்ளிங்

தாமரை:
குழுவினருக்கு வணக்கம். எஃகு உத்திரத்தின் மேல் விளிம்பில் ஒரு தூண் வந்து உட்காருகிறது. அந்தச் சுமை நேர் கீழே, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இணைக்கும் மெல்லிய செங்குத்துத் தகடான வெப்பில் இறங்குகிறது. அங்கே நேரும் இரண்டு சேதங்களுக்குச் சொல் வேண்டும்: வெப் லோக்கல் ஈல்டிங், வெப் கிரிப்ளிங். வெப்புக்கு ‘நடுத்தகடு’ என்று வைத்திருக்கிறேன். சேதம் இரண்டுக்கும் ‘நசுங்கல்’ என்றே எழுதிவிடலாமா?

குமரன்:
எழுதலாம் அக்கா. இரண்டும் ஒன்றுதான். தாங்கு தகட்டின் விளிம்பிலிருந்து 1:2.5 சரிவில் சுமையைப் பரப்பி, விளிம்பும் வெப்பும் சேரும் வளைவு முடியும் இடத்தில் தகைவைப் பார்ப்போமே, அதைத்தான் கல்லூரியில் கிரிப்ளிங் என்று படித்தேன்.

சிவகாமி:
குமரன் தம்பி, கணக்கு சரி, பெயரில்தான் சிக்கல். நம் பாடநூல்கள் பலவற்றில் கிரிப்ளிங் என்று வருவதை அமெரிக்க எஃகுக் கட்டுமான விதித்தொகுப்பான ஏஐஎஸ்சி 360 லோக்கல் ஈல்டிங் என்கிறது. அதே ஏஐஎஸ்சியில் கிரிப்ளிங் வேறொன்று. ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத் தமிழாக்கினால் இந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும். தகட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம்.

ஈல்டிங்கில் தகடு நேராகவே நிற்கும். விளிம்பை ஒட்டிய வளைவுக்குக் கீழே ஒரு பட்டையில் மட்டும் எஃகு இளகிக் கொடுக்கும். ஆலைச் செதில் அங்கே உதிர்ந்திருப்பதுதான் அடையாளம். கிரிப்ளிங்கில் தகடு தன் தளத்தை விட்டு வெளியே வரும். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே மடிப்பு விழும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உத்திரத்தின் ஆழம் 400 மிமீ, விளிம்புத் தடிமன் 16, நடுத்தகடு 9, விளிம்பின் வெளிமுகத்திலிருந்து வளைவு முடியும் வரை 30, தாங்கு நீளம் 100, எஃகு 250 மெகாபாஸ்கல். தூண் உத்திர முனையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது.

```
R = Fy · tw · (5k + lb)
  = 250 × 9 × (150 + 100) = 562 kN
```

தம்பி சொன்ன 2.5 இருபுறமும் சேர்ந்துதான் இங்கே 5 ஆகிறது. இதே உத்திரத்துக்கு ஏஐஎஸ்சியின் கிரிப்ளிங் வாய்பாடு, 0.75 குறைப்புக் காரணி போட்ட பிறகு, சுமார் 603 கிலோநியூட்டன் தருகிறது. ஈல்டிங்குக்கு அந்தக் காரணி 1.0. ஆக, முதலில் இளகல்தான்.

இப்போது நடுத்தகட்டை மட்டும் 6 மிமீ ஆக்குங்கள். ஈல்டிங் 375க்கு இறங்கும். கிரிப்ளிங்கோ 292க்கு விழுந்துவிடும், பாதிக்கும் கீழே. முதலாவது தடிமனோடு நேர் விகிதத்தில் குறைகிறது. இரண்டாவது அதைவிட வேகமாக. எது முந்தும் என்பதே மாறிவிட்டது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

இஸ்மாயில்:
நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு இடைத்தளத்தில் உத்திரத்தின் நடுவே தூண் நிறுத்தியிருந்தார்கள். சில நாளில் கீழ் விளிம்பு பக்கவாட்டில் ஒதுங்கி, உத்திரமே சாய்ந்தாற்போல் நின்றது. விறைப்புத் தகடு எதுவும் இல்லை. இதுதானே கிரிப்ளிங்? எங்கள் பட்டறையில் ‘நெளிஞ்சுடுச்சு’ என்போம்.

சிவகாமி:
இல்லை பாய், அது மூன்றாவது வகை, வெப் சைட்ஸ்வே பக்லிங். சுமை விழும் மேல் விளிம்பு பக்கவாட்டில் பிடித்து வைக்கப்பட்டிருந்து, கீழ் விளிம்புக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் அப்படி ஒதுங்கும். கிரிப்ளிங்கில் விளிம்புகள் இடத்திலேயே இருக்கும், மடிப்பு தகட்டில் மட்டும் விழும். உங்கள் ‘நெளிவு’ நல்ல சொல். அதை பக்லிங்குக்கு வைத்துக்கொள்வோம்.

குமரன்:
புரிந்தது அக்கா. ஆனால் ‘இளகல்’ என்றால் மெழுகு இளகுவதுதான் நினைவுக்கு வருகிறது. இங்கே சூடே இல்லையே?

சிவகாமி:
மெழுகு இளகும்போதும் ஒடிவதில்லை, அழுத்திய வடிவத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. எஃகு செய்வதும் அதுவே. ‘நசுங்கல்’ எனக்கு ஒப்பவில்லை: தகர டப்பாவில் மடிப்பு விழுந்தாலும் நசுங்கியது என்றுதான் சொல்கிறோம், இரண்டும் மறுபடி கலந்துபோகும். ‘முடக்கம்’ என்றும் யாரேனும் சொல்வார்கள். அது ஆங்கிலச் சொல்லின் பொருளே தவிர, தகட்டின் நிலை அல்ல.

தாமரை:
அப்படியானால் ஈல்டிங்குக்கு ‘நடுத்தகட்டு இட இளகல்’ என்று பதிகிறேன். கிரிப்ளிங்குக்கு ‘நடுத்தகட்டு மடிவு’ என்று எழுதலாமா? பாத்திரத்தில் ‘ஒடுக்கு விழுந்தது’ என்கிறோமே, அந்த ‘ஒடுக்கு’ம் மனதில் ஓடுகிறது.

இஸ்மாயில்:
ஒடுக்கு என்றால் பட்டறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

சிவகாமி:
ஆனால் ஒடுக்கு ஒரு புள்ளியில் குழி விழுவது. இங்கே தாங்கு நீளம் முழுக்கக் கிடைக்கோடாக மடிகிறது. என் வாக்கு மடிவுக்கே.

தாமரை:
மடிவு, ஒடுக்கு இரண்டையும் பட்டியலில் வைக்கிறேன். குமரன், உங்கள் பாடநூலில் கிரிப்ளிங் என்று வரும் இடங்களைத் தமிழாக்கும்போது ‘இளகல்’ என்றே போடுங்கள். அங்கே மடிவு என்று போட்டால் கணக்கு ஒன்றும் பெயர் வேறொன்றுமாகிவிடும்.