நலங்கு மாவில் கார்போக அரிசி போடலாமா?

காரைக்குடி மருமகள்: அரை கிலோ பச்சைப்பயறு, ஆவாரம்பூ 100 கிராம், ரோஜா இதழ் 100, கஸ்தூரி மஞ்சள் 50, கார்போக அரிசி 50. ஒருவர் நேற்று இந்தக் கணக்கை எழுதி, கைக்குழந்தைக்கும் தினமும் தேய்க்கலாம் என்கிறார். அப்படியே அரைக்கலாமா?

நாட்டுமருந்துக்கடை: கார்போக அரிசியை எடுத்துவிட்டு மற்றதை அரையுங்கள். வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயிலில் காட்டுவது எதற்கு? வெளுத்த தோல் கறுக்கத்தான். அதையே நிறம் வரும் என்று தேய்த்துக்கொண்டு 10 மணி வெயிலில் ஸ்கூட்டரில் போனால் சிலருக்குச் சிவக்கும், கொப்பளிக்கும், அப்புறம் அந்த இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும்.

சேலத்து அம்மாச்சி: 'ஒருவர்' என்ன ஒருவர், எழுதியது நான்தான். மூன்று தலைமுறையாகத் தேய்க்கிறோம், யாரும் கறுக்கவில்லை.

நாட்டுமருந்துக்கடை: உடனே கழுவிவிடுவதால் பலருக்கு ஒன்றும் ஆகாது, சரி. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே தெரியாதே. பிள்ளை உடம்பிலா சோதித்துப் பார்ப்பது?

வெயில்பிரியன்: கறுப்பதற்குக் காரணம் மஞ்சள்தான். என் தங்கைக்கு மஞ்சள் பட்டாலே தடிக்கும்.

நாட்டுமருந்துக்கடை: தடிப்பது ஒவ்வாமை, அது வேறு. அவருக்கு மஞ்சளே வேண்டாம். நான் சொல்வது கார்போக அரிசி.

புதுக்குடித்தனம்: நான் கார்போக அரிசி போடவே இல்லை, முதல் நாளே முதுகெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நாட்டுமருந்துக்கடை: மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள்?

புதுக்குடித்தனம்: யாரோ மிளகாய் வற்றல் கொண்டுவந்திருந்தார்கள்...

சேலத்து அம்மாச்சி: இதற்குத்தான் மிக்ஸியில் அரையுங்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன்!

நாட்டுமருந்துக்கடை: மிக்ஸியில் அரைத்தால் பயறு குருணையாக நிற்கும். துணியில் சலித்து, விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மறுபடி அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலைக் கீறிவிடும். பூவும் கையில் நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்திருக்கணும். ஈரம் இருந்தால் மாவு கட்டி தட்டும், வண்டு வரும். வறண்ட தோல்காரர்கள் தண்ணீருக்குப் பதில் பாலில் குழைத்து, வாரம் இரண்டு நாள் தேய்த்தால் போதும். பயறு எண்ணெய்ப் பசையை இழுத்துவிடும். எதைப் போட்டாலும் கார்போக அரிசி மட்டும்...

சேலத்து அம்மாச்சி: போதும் சாமி. அவ்வளவு கெடுதல் என்றால் உங்கள் கடையில் ஏன் விற்கிறீர்கள்?

நாட்டுமருந்துக்கடை: சேராங்கொட்டையும்தான் விற்கிறேன். அதையும் அரைத்துக் குளிப்பீர்களா?

வெயில்பிரியன்: இருந்தாலும் மஞ்சள்தான்.

காரைக்குடி மருமகள்: எல்லாம் சரி, நான் காலையிலேயே மில்லுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். இனி கார்போக அரிசியை எப்படிப் பிரிப்பது?

சேலத்து அம்மாச்சி: எதற்குப் பிரிக்கணும்? தேய்த்துக் குளி தாயி.

நாட்டுமருந்துக்கடை: குழந்தைக்கு வேண்டாம்.