கலர் கேட்சர் தாளுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம். வாஷிங் மெஷின் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். துணியோடு உள்ளே போட்டால் கசிந்த சாயத்தைத் தான் வாங்கிக்கொள்ளுமே ஒரு வெள்ளைத் தாள், கலர் கேட்சர், அதற்கு ‘வண்ண உறிஞ்சித் தாள்’ என்று எழுதிவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. இன்னொன்று, துணி பிரிக்கும்போது சிவப்பையும் கருநீலத்தையும் மட்டும் தனியே வைக்கச் சொல்கிறார்கள். ஏன் அந்த இரண்டும்?
– பாளையங்கோட்டை

உறிஞ்சி சரிதான் தம்பி, மையொற்றுத் தாள் மாதிரிதானே. சுருக்கமாக வேண்டுமென்றால் ‘சாயக்கவர்’ என்று வையுங்கள். சாயம் போவது மட்டமான சாயத்தால்தான், வேறொன்றுமில்லை. புதுச்சேலையை ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பிடித்துக்கொள்ளும்.
– சங்கரன்கோவில்

> மையொற்றுத் தாள் மாதிரிதானே

இல்லை அண்ணாச்சி. வீரவநல்லூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் பல வருஷம் நின்றவன் என்பதால் சொல்கிறேன். மையொற்றுத் தாள் தண்ணீரோடு மையையும் சேர்த்து இழுக்கும். இது அப்படியில்லை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம், டைரக்ட் சாயம் இரண்டுமே தண்ணீரில் கரைந்தால் எதிர்மின்னேற்றத்தோடு திரியும், தாளில் நேர்மின்னேற்றமுள்ள பொருளை ஏற்றியிருப்பார்கள், அதனால் பக்கத்தில் வந்த சாயம் ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சி என்று எழுதினால் தாள் தண்ணீரைக் குடிக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

சிவப்பும் நீலமும் ஏன் என்றால், நிறத்தைவிட அடர்த்திதான் காரணம். அரைக் கிலோ சேலைக்கு வெளிர் நிறம் வேண்டுமானால் துணி எடையில் 0.5 சதவீதம், அதாவது இரண்டரை கிராம் சாயம் போதும். ரத்தச் சிவப்புக்கும் கருநீலத்துக்கும் 5 சதவீதம் வரை போடுவோம், 25 கிராம். ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பங்கு நூலோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும். ஐந்தில் ஒரு பங்கு என்றே வைத்தாலும் வெளிர்ச் சேலையில் அரை கிராம், சிவப்பில் ஐந்து கிராம். அதைக் கொதிக்கக் கொதிக்கச் சோப்புத் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். விறகும் தண்ணீரும் மிச்சம் பிடிக்கிற பட்டறையில் அந்த அலசல்தான் முதலில் குறையும், மிச்சத்தை நீங்கள் வீட்டில் அலசுகிறீர்கள். நல்ல சாயமும் இப்படிப் போகும். அடர்மஞ்சளும் போகத்தான் செய்கிறது, வெள்ளை வேட்டியில் அது அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது. கறுப்பைச் சொல்லவே வேண்டாம்.

உப்பு, பட்டறையில் சாயத்தை நூலுக்குள் தள்ளத்தான் போடுவோம். சேராமல் கிடக்கும் சாயத்தை அது ஒட்டவைக்காது, ஊறும்வரை கசிவு குறைந்த மாதிரி இருக்கும், நல்ல தண்ணீரில் போட்டதும் மறுபடி வரும். ‘சாயக்கவர்’ என்றால் கடையில் தபால் கவர் எடுத்துக் கொடுப்பான், அதையும் பாருங்கள்.
– வீரவநல்லூர்

அண்ணாச்சி, இந்தத் தாளை நானும் வாங்கினேன். புதுச் சிவப்புச் சேலையையும் அவர் வேட்டியையும் ஒரே வாளியில் ஊறப்போட்டு மேலே ஒரு தாளையும் வைத்தேன். காலையில் தாள் லேசான ரோஸ், வேட்டி நல்ல ரோஸ்! ஏமாற்று வேலையா?
– அம்பாசமுத்திரம்

அக்கா, வாளியில் சேலை வேட்டிமேல் அழுந்திக் கிடக்கும், சாயம் தொட்ட இடத்திலேயே இறங்கிவிடும், தாள்வரை போகாது. மெஷினில் தண்ணீர் நிறைய இருந்து துணி புரண்டால்தான் தாளுக்கு வேலை. முடிந்ததும் உடனே எடுத்து உதறிக் காயப்போட வேண்டும், ஈரத்தோடு குவித்து வைத்தாலும் இதே கதை. தாளுக்கும் ஓர் அளவு உண்டு, நிறைந்துவிட்டால் அவ்வளவுதான். அதனால் புதுச்சேலையை முதல் இரண்டு மூன்று தடவை ஒரு தாளோடு தனியாகத் துவையுங்கள், தாள் வெள்ளையாகவே வந்தால் அப்புறம் மற்றதோடு சேர்க்கலாம். முந்தானை ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தாலும் தெரிந்துவிடும். வேட்டிக்கு இஸ்திரி போட்டுவிடாதீர்கள், முதலில் வெந்நீரில் மறுபடி துவையுங்கள்.

ஜீன்ஸ் நீலம் வேறு சங்கதி. இண்டிகோ தண்ணீரில் கரையாது, நூலின் மேல்புறத்தில் படிந்து கிடந்து உரசலில் பொடியாக உதிரும். தாள் அதைப் பெரிதாகப் பிடிப்பதில்லை, ஆகவே தாள் வெள்ளையாக இருக்கிறதே என்று ஜீன்ஸை நம்ப வேண்டாம்.
– வீரவநல்லூர்

அப்போது ‘வண்ணம்’ போகட்டும், ‘சாயம்’ என்றே வைக்கிறேன். ‘சாயப்பிடி’ எழுதிப் பார்த்தேன், ஆனால் நம் ஊரில் “வேட்டியில் சாயம் பிடிச்சிட்டு” என்றால் கெட்டுப்போனது என்று அர்த்தம், குழப்பம். இடிதாங்கி போல ‘சாயந்தாங்கி’? வீட்டில் விழ வேண்டியதைத் தான் வாங்கிக்கொள்கிறது, பொருள் பொருந்துகிறது.
– பாளையங்கோட்டை

இடிதாங்கி நல்ல யோசனை. ஆனால் ‘சாயந்தாங்கி’ என்றால் சாயம் போகாமல் தாங்கும் துணி என்று பட்டறையில் எடுத்துக்கொள்வான். ‘சாயவாங்கி’ என்பது என் கட்சி.
– வீரவநல்லூர்

வாங்கி என்றால் கடன் வாங்கின மாதிரி இருக்கு. எனக்கு இன்னும் உறிஞ்சிதான்.
– சங்கரன்கோவில்

கையேடு வெள்ளிக்கிழமை போக வேண்டும். முதல் இடத்தில் ‘சாயவாங்கித் தாள் – கலர் கேட்சர்’ என்று இரண்டையும் சேர்த்துப் போட்டு அனுப்புகிறேன். வாளியில் போட வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன் அக்கா.
– பாளையங்கோட்டை